முதல்வருக்கு ஒரு விண்ணப்பம்



புக்கிட் மெர்தாஜாமில் தொழிற்சாலை வேலையை இழந்த ஒரு தகப்பனார், மகள் படிக்கும் தனியார் பள்ளியில் கட்டணச் சலுகை கேட்டுத் தாம் எழுதிய கடிதத்தோடு என்னிடம் வந்தார். இரண்டு பக்கமும் கண்ணீர்தான். எத்தனை வெள்ளி, எத்தனை மாதம் என்பதுமட்டும் அதில் இல்லை! உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

"ஐயா, ஆட்குறைப்பினால் ஜூன் 30-ஆம் தேதியோடு என் வேலை நின்றுவிட்டது. என் சம்பளம் 2,400 வெள்ளி. இப்போது சொக்சோ தரும் வேலை தேடும் உதவித்தொகை மட்டுமே வருகிறது. மகளின் மாதக் கட்டணம் 300 வெள்ளி. ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை 150 வெள்ளி கட்ட அனுமதி வேண்டுகிறேன். வேலை கிடைத்தால் உடனே தெரிவிப்பேன்."

உதவித்தொகையை ஏன் சொல்ல வேண்டும் என்று அவர் தயங்கினார். மறைத்தது பின்னால் தெரிந்தால், மற்றதையும் நம்பமாட்டார்களே!

வேலைநீக்கக் கடிதம், கடைசி மூன்று சம்பளச் சீட்டுகள், சொக்சோ கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்தோம். மலாயில் எழுதிக் கொடுத்து, நமது பிரதியில் அலுவலக முத்திரை வாங்கினோம்.

ஒன்று கவனியுங்கள். ஆட்குறைப்பின்போது சிலர், 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பிறகு பள்ளியில் காட்ட ஆதாரமும் இராது. தானே விலகியவருக்குச் சொக்சோ உதவித்தொகையும் இல்லை. வேலை போன 60 நாளுக்குள் அதற்கு மனுச் செய்ய வேண்டும்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது: மூன்று மாதம் பாதிக் கட்டணம், அதன்பின் மறுபடி பார்க்கலாம் என்று.