ஆட்டோ சங்கரின் சுயசரிதையும் அச்சுக்கு முன் பூட்டும்

ஒரு பத்திரிகை நாளை எதைப் பிரசுரிக்கப் போகிறது என்று தெரிந்ததும், அதனால் தம் மானம் போய்விடும் என்று அஞ்சும் உத்தியோகஸ்தர்கள் இன்றே அதைத் தடுத்து நிறுத்தலாமா? இந்தக் கேள்விக்கு இந்தியாவின் ஸுப்ரீம் கோர்ட் 1994-ஆம் வருஷம் அக்டோபர் 7-ந் தேதி பதில் சொல்லியது. கேள்வியைக் கிளப்பிவிட்டது நம் சென்னைப் பட்டணம்தான். அதற்குக் காரணமாயிருந்தவனோ தூக்குத் தண்டனை பெற்ற ஒரு கைதி.

ஆறு கொலைகளுக்காக 1991-ஆம் வருஷம் மே மாதத்தில் செங்கற்பட்டு ஸெஷன்ஸ் கோர்ட்டில் மரண தண்டனை விதிக்கப்பட்டவன் ஆட்டோ சங்கர். அவன் சிறையிலிருந்தபடியே சுமார் முந்நூறு பக்கத்தில் சுயசரிதை எழுதினான் என்றும், பெரிய பெரிய அதிகாரிகளுக்கும் தனக்கும் இருந்த நெருக்கத்தை அதில் விவரித்திருக்கிறான் என்றும், அதைப் பிரசுரிக்கும்படி தன் மனைவி மூலமாகக் கொடுத்தனுப்பினான் என்றும் 'நக்கீரன்' பத்திரிகை கூறியது. 1994-இல் தொடர் வெளிவருமென்று விளம்பரம் செய்தார்கள். அவ்வளவுதான்! ஜூன் 15-ந் தேதி சிறைத்துறை இன்ஸ்பெக்டர் ஜெனரலிடமிருந்து கடிதம் வந்தது. அந்தச் சரிதை பொய் என்றும், சிறை விதிகளுக்கு விரோதம் என்றும், பிரசுரித்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. இரண்டொரு பகுதிகள் வெளிவந்த பிறகு தொடர் நின்றது. ஆசிரியர் ராஜகோபால் ஸுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

நீதிபதிகள் ஜீவன் ரெட்டியும் ஸென்னும் விஷயத்தை அணுகிய முறை கவனிக்கத்தக்கது. சங்கர் அந்தச் சரிதையை எழுதினானா, பிரசுரிக்க அனுமதி கொடுத்தானா என்ற சச்சரவை அவர்கள் தீர்க்கவில்லை. அவன் எழுதவுமில்லை, அனுமதிக்கவுமில்லை என்றே வைத்துக்கொண்டார்கள். அப்படி வைத்துக்கொண்டாலும் சர்க்காருக்குத் தடுக்கும் அதிகாரம் உண்டா என்பதே அவர்கள் பார்த்த பிரச்னை. "இல்லை" என்பது முடிவு. தங்களைப் பற்றி அவதூறு வரப்போகிறது என்று அஞ்சும் ராஜாங்கமோ உத்தியோகஸ்தர்களோ அச்சுக்கு முன் பூட்டுப்போடுவதற்கு எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. பிரசுரமான பிறகு, குறை இருந்தால் வழக்குத் தொடரலாம்.

இதைக் கேட்டு, பத்திரிகைக்காரர்கள் எதையும் எழுதலாம் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். எந்த மனிதனுக்கும், தூக்குமேடையை எதிர்நோக்கியிருப்பவனுக்கும்கூட, தன் குடும்பம், விவாகம், குழந்தைகள் முதலிய விஷயங்களில் தனிமையைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று அதே தீர்ப்புச் சொல்கிறது. கோர்ட் ரிகார்டுகள் போன்ற பொதுப் பத்திரங்களில் உள்ளதை அவன் சம்மதமின்றியே வெளியிடலாம். அதற்கு அப்பால் போனால், விளைவுக்குப் பத்திரிகையே பொறுப்பு.

சர்க்கார் உத்தியோகஸ்தர் விஷயத்தில் விதி வேறு. அவர் தமது உத்தியோக காரியத்தில் செய்ததைப் பற்றி எழுதினால், எழுதியது பிழையாகவே இருந்தாலும் நஷ்டஈடு கேட்க முடியாது. உண்மையைப் பற்றிக் கவலையின்றி எழுதப்பட்டது என்று அவர் காட்டியாக வேண்டும். பத்திரிகையோ, நியாயமான அளவுக்கு விசாரித்தே எழுதினோம் என்று நிரூபித்தால் போதும். துவேஷத்தால் எழுதிய பொய்க்கு மாத்திரம் இந்தப் பாதுகாப்புக் கிடையாது. ராஜாங்கமோ, முனிசிபாலிடி போன்ற ஸ்தாபனமோ மான நஷ்ட வழக்கே போட முடியாது. தனி மனிதருக்கு மானம் உண்டு, ஆட்சிக்கு ஏது? இந்தப் பகுதிக்கு அமெரிக்காவின் 1964-ஆம் வருஷத்து ஸல்லிவன் வழக்கும், இங்கிலாந்தின் 1993-ஆம் வருஷத்து டெர்பிஷயர் வழக்கும் உதவின.

இனி இதை வடசென்னைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது நேயர்களுக்கு ஞாபகமிருக்கும். மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணையை மேற்கொண்டது. இத்தகைய ஒரு சமயத்தில் திருவொற்றியூரிலுள்ள ஒரு சிறு பத்திரிகைக்கு மூன்று செய்திகள் கிடைத்தன என்று கற்பனை செய்வோம்.

கழிவு நீரைச் சோதிக்கவேண்டிய அதிகாரி வந்து பார்க்காமலே வந்ததாக எழுதிவிட்டார் என்பது முதற் செய்தி. அது உத்தியோக காரியம். நிருபர் ஆலைக் காவலாளியைக் கேட்டார், வருகைப் பதிவைப் பார்த்தார், அதிகாரிக்கும் கடிதம் எழுதி இரண்டு நாள் காத்திருந்தார். பிறகு தேதியில் பிழையிருந்தது என்று தெரிந்தாலும் 1994-ஆம் வருஷத் தீர்ப்பு பத்திரிகையின் பக்கம் நிற்கும். டீக்கடையில் கேட்டதை அப்படியே அச்சடித்திருந்தாலோ, நிற்காது.

அந்த அதிகாரியின் வீட்டுச் சண்டை இரண்டாவது செய்தி. அதற்கும் உத்தியோகத்துக்கும் சம்பந்தமில்லை. அதைக் குப்பைக் கூடையில் போடுவதுதான் நியாயம்.

ஒரு தனியார் தொழிற்சாலை இரவில் கழிவை ஆற்றில் விடுகிறது என்பது மூன்றாவது. பலர் தவறுவது இங்கேதான். தொழிற்சாலை முதலாளி உத்தியோகஸ்தரல்ல. ஆகையால் மேற்சொன்ன சலுகையை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது. சிவில் வழக்கில் உண்மையை நிரூபிப்பதே பலமான கவசம். தீர்ப்பாயத்தின் உத்தரவிலிருப்பதை உள்ளபடி எடுத்துச் சொன்னால் ஆபத்துக் குறைவு. கம்பெனி அவசரமாகத் தடையுத்தரவு கேட்டால், 2024 மார்ச்சில் புளூம்பெர்க் வழக்கில் ஸுப்ரீம் கோர்ட் சொன்னது உதவும்: எழுதியது துவேஷமானது அல்லது வெளிப்படையாகப் பொய் என்று தெரிந்தாலொழிய, முழு விசாரணைக்கு முன் பத்திரிகையின் வாயைக் கட்டக் கூடாது.

கிரிமினல் அவதூறு வேறொரு கதை. பழைய பீனல் கோடில் 499-ஆவது பிரிவாயிருந்தது, 2024 ஜூலை முதல் பாரதீய நியாய ஸம்ஹிதையில் 356-ஆவது பிரிவாகியிருக்கிறது. அங்கே உண்மை மட்டும் போதாது. அதைச் சொல்வது பொது நன்மைக்கு என்றும் காட்டவேண்டும். பிழை நேர்ந்திருந்தால், தக்க கவனத்தோடும் நல்லெண்ணத்தோடும் எழுதியதை நிரூபிப்பது குற்றஞ்சாட்டப்பட்டவர் பொறுப்பு. 1994-இல் நீதிபதிகள் இதைத் தொடாமல் விட்டார்கள். 2016-இல் வேறு பெஞ்சு அந்தப் பிரிவு செல்லும் என்றது. ஆகவே நஷ்டஈட்டு வழக்கில் தப்பிக்கும் பத்திரிகை, மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் வருஷக்கணக்காக வாய்தாவுக்கு அலைய நேரலாம். தண்டனையைவிட அந்த அலைச்சலே பல சிறு பத்திரிகைகளின் பேனாவை நிறுத்துகிறது.

மந்திரிகளுக்காகவும் உத்தியோகஸ்தர்களுக்காகவும் சர்க்கார் வக்கீலே இத்தகைய புகாரைத் தாக்கல் செய்யச் சட்டம் வழி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2011-க்குப் பின் அப்படி வழக்குகள் குவிந்தன. 'ஹிந்து' என். ராம் முதலிய பத்திரிகாசிரியர்கள் தொடுத்த மனுக்களில், 2020 மே மாதம் சென்னை ஹைகோர்ட் அவற்றில் பலவற்றைத் தள்ளியது. சர்க்கார் கொடுத்ததை வாங்கி அப்படியே அனுப்பிவைக்கும் தபாலாபீசாகச் சர்க்கார் வக்கீல் இருக்கலாகாது, குற்றம் உண்டா என்று தாமே யோசித்துப் பார்த்தாக வேண்டும் என்பது நீதிபதி அப்துல் குத்தூஸ் அந்தத் தீர்ப்பில் விதித்த கடமை.