அவைக் குறிப்பையும் கணக்குப் புத்தகமாகப் படிப்போம்

வரி பற்றிய மசோதா எதுவாயினும், அது அவையில் நிறைவேறிய மறுநாள் நமது கடைவீதியில் நடக்கும் பேச்சை நாம் அறிவோம். "எல்லாக் கட்சியும் ஆதரித்துவிட்டது" என்பார் ஒருவர். "நம் கட்சிதான் எதிர்த்ததே" என்பார் இன்னொருவர். இரண்டும் பத்திரிகைத் தலைப்பிலிருந்து வந்த பேச்சு. அவை நடவடிக்கைக் குறிப்பை எடுத்துப் பார்த்தவர் எவரும் இல்லை. அதைப் பார்த்து, கட்சிகளின் நிலை, கொண்டுவரப்பட்ட திருத்தங்கள், வாக்கெடுப்பின் முடிவு என்று மூன்று தலைப்பில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி வணிகர்களுக்குத் தருவது சங்கங்களின் கடமை என்பது நமது கருத்து. எப்படிச் சுருக்குவது என்பதற்கு நம் எல்லோரையும் பாதித்த ஒரு விவாதத்தையே எடுத்துக்கொள்வோம்.

சரக்கு மற்றும் சேவை வரிக்கு வழி செய்த அரசியல் சட்ட 122-வது திருத்த மசோதா, 2016 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மாநிலங்களவையில் விவாதிக்கப்பட்டது. நிதி அமைச்சர் அருண் ஜேட்லி அதை முன்மொழிந்தார். முடிவு: ஆதரவு 203, எதிர்ப்பு பூஜ்யம். இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டால் நாடே ஒருமனதாக ஏற்றுக்கொண்டது போலத் தோன்றும். குறிப்பைப் புரட்டினால் கதை வேறு.

முதலில் கட்சிகளின் நிலை. இங்கு பலர் செய்யும் பிழை, "ஆதரவு", "எதிர்ப்பு" என்று இரண்டே பத்தி போட்டுக் கட்சிகளை நிரப்புவது. நம் பேரேட்டில் "வரவு" என்று மட்டும் எழுதி, ரொக்கமா, கடனா, காசோலையா என்று எழுதாமல் விடுவோமா? ஒவ்வொரு கட்சிக்கும் மூன்று பத்தி வேண்டும்: கொள்கையளவில் என்ன சொன்னது, என்ன நிபந்தனை வைத்தது, கடைசியில் எப்படி வாக்களித்தது.

அவ்வாறு எழுதினால் காங்கிரஸ் பக்கம் இப்படி அமையும். கொள்கையளவில் ஆதரவு. ப. சிதம்பரம் பேசும்போது வைத்த முக்கிய நிபந்தனைகள் இரண்டு. பொது வரி விகிதம் 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பின்னால் வரவேண்டிய வரிச் சட்டங்களைப் பண மசோதாவாகக் கொண்டுவரக் கூடாது. பண மசோதா என்றால் மாநிலங்களவை யோசனை சொல்லலாமே தவிர, தானாகத் திருத்தவோ தடுக்கவோ முடியாது. வாக்கு: ஆதரவு. அ.இ.அ.தி.மு.க. பக்கம் வேறு. மாநிலங்களின் வரி விதிக்கும் உரிமை பறிபோகிறது, தமிழகம் போன்ற உற்பத்தி மாநிலங்களுக்கு வருவாய் இழப்பு என்று நவநீதகிருஷ்ணன் பேசினார். கொள்கையளவில் எதிர்ப்பு. ஆனால் வாக்கு: எதிர்ப்பு அல்ல, வெளிநடப்பு.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். வெளிநடப்புச் செய்தவர் வாக்குக் கணக்கில் வரமாட்டார். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு இரண்டு அளவுகோல் உண்டு. அவையின் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். வந்திருந்து வாக்களித்தவரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் வேண்டும். மாநிலங்களவையின் மொத்த எண்ணிக்கை 245. பாதிக்கு மேல் என்றால் 123. வெளியே போனவர் இரண்டாவது கணக்கில் சேரவே மாட்டார். அன்று 203 பேர் தவிர மீதமுள்ள 42 இடங்களும் நிரம்பியிருந்து, அத்தனை பேரும் எதிர்த்து வாக்களித்திருந்தாலும் மசோதா நிறைவேறியிருக்கும். ஏனென்றால் 245-இல் மூன்றில் இரண்டு பங்கு 164 தான். ஆயினும் எதிர்ப்புப் பத்தியில் பூஜ்யம் விழுந்திராது. ஆகவே நமது சுருக்கத்தில் "203-க்கு 0" என்று எழுதிய அதே வரியில் "அ.இ.அ.தி.மு.க. வெளிநடப்பு" என்றும் எழுத வேண்டும். அது இல்லாத சுருக்கம் பாதிப் பொய்.

ஒரு கட்சியின் நிலைக்குத் தேதியும் போட வேண்டும். இதே மசோதா 2015 மே 6-ஆம் தேதி மக்களவையில் 352-க்கு 37 என்ற கணக்கில் நிறைவேறியபோது காங்கிரஸ் வெளிநடப்புச் செய்தது. பதினைந்து மாதம் கழித்து ஆதரித்தது. இடையில் மாறியது என்ன? அதற்கு விடை திருத்தங்களில் இருக்கிறது.

மக்களவையில் நிறைவேறிய வாசகத்தில், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 1 விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்க இடமிருந்தது. பெங்களூரிலிருந்து 1 லட்ச ரூபாய்க்குச் சோப்பு வரவழைக்கும் ஈரோட்டு மொத்த வியாபாரிக்கு 1000 ரூபாய் வரை கூடுதல் சுமை. அது மறுபடி எல்லை தாண்டினால் மறுபடியும் வரி. 2016 ஆகஸ்டில் அரசே கொண்டுவந்த திருத்தத்தால் அந்தப் பிரிவு முழுவதும் நீக்கப்பட்டது. மாநிலங்களுக்கு இழப்பீடு "தரலாம்", அது ஐந்தாண்டு வரை நீளலாம் என்று இருந்த வாசகம், ஐந்தாண்டுக்குத் "தர வேண்டும்" என்று மாறியது. தகராறுகளைத் தீர்க்கும் வழி பற்றி மன்றம் "முடிவு செய்யலாம்" என்றிருந்தது, அதற்கென ஓர் அமைப்பை "ஏற்படுத்த வேண்டும்" என்றாயிற்று.

"லாம்" என்பதற்கும் "வேண்டும்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் நமக்குத் தெரியாததல்ல. "கொடுக்கலாம்" என்ற சொல்லை நம்பி யாரும் கணக்கு எழுதுவதில்லை. அந்த ஒரு சொல் மாறியதால்தான் 2017 ஜூலை 1 முதல் 2022 ஜூன் 30 வரை ஐந்தாண்டு இழப்பீட்டை மாநிலங்கள் உரிமையாகக் கேட்க முடிந்தது. எனவே திருத்தங்களைச் சுருக்கும்போது "மூன்று முக்கியத் திருத்தங்கள் ஏற்கப்பட்டன" என்று எழுதினால் போதாது. பழைய சொல், புதிய சொல், கொண்டுவந்தவர் யார், அதன் கதி என்ன என்று நான்கும் வேண்டும். கதி என்பதிலும் கவனம் தேவை. ஏற்கப்பட்டது, தோற்றது, அவையின் அனுமதியுடன் திரும்பப் பெறப்பட்டது, அறிவிப்புக் கொடுத்தும் முன்மொழியப்படவில்லை என்பன நான்கு வெவ்வேறு சங்கதிகள். கடைசி இரண்டையும் "தோற்றது" என்று எழுதினால், ஒரு கட்சி கடைசிவரை நம் பக்கம் நின்றதா, பாதியில் விட்டுவிட்டதா என்பது மறைந்து போகும்.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 18 விழுக்காட்டு உச்சவரம்பு என்னவாயிற்று? பேச்சில் இருந்தது, நிறைவேறிய வாசகத்தில் எங்கும் இல்லை. பண மசோதா வேண்டாம் என்ற கோரிக்கையும் அவ்வாறே. அதற்கு அமைச்சர் உறுதிமொழி தரவில்லை. விளைவு என்ன? 2017-இல் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் பண மசோதாவாகவே வந்தது. அதன் 9-ஆம் பிரிவில் உச்சவரம்பு 20 விழுக்காடு. தமிழகச் சட்டத்திலும் 20. இரண்டும் சேர்ந்து 40. பல பொருள்களுக்கு 28 விழுக்காடு வரி வந்தபோது, "18-க்கு மேல் போகாது என்றார்களே" என்று கடைவீதியில் கேட்டவர் பலர். சொன்னது உண்மை. அது சட்டமாகவில்லை என்பதும் உண்மை. 28 விழுக்காட்டில் எஞ்சியிருந்த பொருள்களில் பெரும்பாலானவை 18-க்கு இறங்கியது 2025 செப்டம்பர் 22-ஆம் தேதிதான். அதுவும் மன்றத்தின் முடிவால் வந்ததே ஒழிய, அரசியல் சட்டத்தின் பாதுகாப்பால் அல்ல. சட்டத்தின் உச்சவரம்பு 40 ஆகவே இருக்கிறது.

அவையில் பேசுவது விலை விசாரிப்பது போல. திருத்தம் கொடுப்பது ஆர்டர் எழுதுவது போல. வாக்கெடுப்புதான் பில். விசாரித்த விலையை யாரும் கொள்முதல் கணக்கில் எழுதுவதில்லை. ஆகவே நமது சுருக்கத்தில், "பேச்சில் கேட்டது, திருத்தமாக நிறைவேறாதது" என்று தனியாக ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். வணிகருக்கு வரப்போகும் நஷ்டம் பெரும்பாலும் அந்த வரியில்தான் ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது வாக்கெடுப்பு. அரசியல் சட்டத் திருத்தமானால் உறுப்பினர்களை எண்ணிக் கணக்கெடுப்பார்கள். யார் எந்தப் பக்கம் என்று பெயர்ப் பட்டியல் குறிப்பில் இருக்கும். ஒரே நாளில் பலமுறை வாக்கெடுப்பு நடக்கும். உறுப்பினர் வருவதும் போவதுமாக இருப்பதால் எண்ணிக்கை முறைக்கு முறை மாறும். மசோதாவை நிறைவேற்றும் கடைசி வாக்கெடுப்பின் எண்ணிக்கையையே எடுக்க வேண்டும். அன்றோடு கதை முடியவும் இல்லை. திருத்தங்களை மக்களவை ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஏற்றது. பிறகு மாநிலச் சட்டமன்றங்களில் குறைந்தது பாதி ஒப்புதல் தர வேண்டியிருந்தது. முதலில் தந்தது அஸ்ஸாம், ஆகஸ்ட் 12-இல். குடியரசுத் தலைவர் ஒப்புதல் செப்டம்பர் 8-இல் வந்தது. எந்தப் படியில் மசோதா நிற்கிறது என்பதைச் சுருக்கத்தின் கடைசி வரியாக எழுத வேண்டும்.

சாதாரண மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. அங்கு எண்ணிக்கையே கிடையாது. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, வேலை நேரத்தைத் தளர்த்தும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நமது சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. சில நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. இத்தகைய மசோதாவில் "பெரும்பான்மை ஆதரவு" என்று நாமாக ஒரு தொகையை ஊகித்து எழுதக் கூடாது. "குரல் வாக்கெடுப்பு, எண்ணிக்கை பதிவாகவில்லை, வெளிநடப்புச் செய்தவை இன்ன கட்சிகள்" என்பதே சரியான பதிவு.

இதிலிருந்து சங்கங்களுக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறோம். நாம் அமைச்சர்களையும் உறுப்பினர்களையும் பார்த்து மனுக் கொடுக்கிறோம். மனுவில் "வரியைக் குறைக்க வேண்டும்" என்று எழுதுகிறோம். அது அவையில் பேச்சாகும், குறிப்பில் ஏறும், அங்கேயே தங்கிவிடும். இனி எந்தப் பிரிவில் எந்தச் சொல்லுக்குப் பதிலாக எந்தச் சொல் வேண்டும் என்று திருத்த வாசகமாகவே எழுதிக் கொடுப்போம். விவாதம் முடிந்ததும் குறிப்பை எடுத்து, அந்தத் திருத்தத்தை முன்மொழிந்தவர் யார், விட்டுவிட்டவர் யார் என்று பார்த்து உறுப்பினர்களுக்கு அறிவிப்போம். கணக்குச் சரியாக இருந்தால்தான் அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் நாமும் கணக்குக் கேட்க முடியும்.