"10,000+ வாடிக்கையாளர்கள்": இந்த இலக்கத்தை எங்கே எண்ணினோம்?

எமது ஊரின் பேஸ்புக் பக்கங்களைத் திறந்தால் கேக் செய்பவரும் 10,000+ மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள் என்கிறார், அபாயா தைப்பவரும் 10,000+ என்கிறார், நேற்றுக் கடை திறந்தவரும் அதையே போடுகிறார். இந்தப் பத்தாயிரத்தை யார் எண்ணினார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் "எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்பார்கள். எல்லாரும் போடுவதால் பொய் உண்மையாகிவிடாது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் கேக் செய்யும் ஒரு தாத்தா மூன்று வருடத்தில் பத்தாயிரம் ஓடர் கொடுத்தாராம். அப்படியென்றால் நோன்பு, பெருநாள், சுகயீனம் எதுவுமே பார்க்காமல் ஒவ்வொரு நாளும் ஒன்பது கேக் போயிருக்க வேண்டும். ஒரே ஓவன் உள்ள வீட்டில் இது நடக்காது என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். ஊருக்குள் வியாபாரம் செய்பவரை ஊரே அறியும். பெரிய இலக்கத்தைப் பார்த்து ஏமாறுபவர் வெளியூர்க்காரர்தான். அவரை ஏமாற்றத்தானா இந்த வரி?

உண்மையான இலக்கம் கொப்பியில் இருக்கிறது. உதாரணத்துக்கு அந்தத் தாத்தாவின் ஓடர் கொப்பியை எடுப்போம். 2022 ஏப்ரல் முதல் 2025 ஜூன் 30 வரை 1,286 பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம். இதை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. எழுதிவிட்டு ரத்துச் செய்தவை 74. திகதி மாறியதால் இரண்டாம் முறை எழுதியவை 31. இரண்டையும் கழித்தால் கையில் கொடுத்து முடித்தவை 1,181. அதையும் "1,181 வாடிக்கையாளர்கள்" என்று எழுத முடியாது. ஒரே வீட்டுக்குப் பிறந்தநாளுக்கும் பெருநாளுக்கும் திரும்பத் திரும்பப் போயிருக்கும். போன் நம்பர்களை ஒப்பிட்டுப் பார்த்தால் 612 வீடுகள்தான். பேஸ்புக் பக்கத்தில் லைக் போட்டவர்களை இதில் சேர்ப்பது பகல் கொள்ளை. அவர்களில் எத்தனையோ பேர் ஒரு கேக்கும் வாங்கியதில்லை.

ஆகவே எழுத வேண்டிய வரி இதுதான்: "2022 ஏப்ரல் முதல் 2025 ஜூன் 30 வரை 1,180 க்கும் மேற்பட்ட கேக் ஓடர்களைக் கொடுத்து முடித்துள்ளோம்." எதை எண்ணினோம், எப்போதிருந்து, எதுவரை என்ற மூன்றும் அதில் உண்டு. கிட்டிய இலக்கமாக்குவதென்றால் கீழே இறக்கத்தான் வேண்டும். 1,181 ஐ 1,200 ஆக்கினால் அது பொய். அந்தக் கழித்தல் கணக்கைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதி வைத்தால், யாராவது கேட்கும் நாளில் எடுத்துக் காட்டலாம்.

"இலக்கம் சின்னதாத் தெரியுமே" என்பார்கள். 612 வீடுகளிலிருந்து திரும்பவும் ஓடர்கள் வந்திருக்கின்றன என்பதைச் சொல்லும் இலக்கம் அது. பத்தாயிரம் என்ற வெற்று வட்டத்துக்கு அந்தச் சக்தி கிடையாது.

வருடக் கணக்கிலும் இதே கூத்துதான். "10 வருட அனுபவம்" என்று போட் அடித்து மாட்டுகிறார்கள். பதினைந்து வருடம் போன பிறகும் அந்தப் போட்டில் பத்துத்தான். இன்னொருவர் வாப்பாவின் கடை வருடங்களைத் தன் புதுக் கடையில் சேர்த்துக்கொள்கிறார். நான்கு வருடம் பூட்டிக் கிடந்த கடைக்கும் அந்த நான்கையும் எண்ணுகிறார்கள். இதற்கு ஒரே வழி, வருடங்களைக் கூட்டிச் சொல்லாமல் தொடங்கிய ஆண்டைப் போடுவதுதான். "2016 முதல்" என்ற வரி பழசாகாது, திருத்தவும் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டோடு அது பொருந்தினால் யாரும் வாய் திறக்க முடியாது. பதிவுக்கு முன்பே வீட்டில் தொடங்கியிருந்தால், இரண்டையும் பிரித்தே எழுதுவோம்.

மாறும் இலக்கத்தை மாற்றக்கூடிய இடத்தில் மட்டும் போடுவோம். கடைப் போட்டிலும் அச்சடித்த பெட்டியிலும் ஆண்டு மட்டும் போதும். ஓடர் எண்ணிக்கை பேஸ்புக் அறிமுகத்திலும் வட்ஸ்அப் விபரத்திலும் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொப்பியைப் பார்த்து இலக்கத்தையும் திகதியையும் சேர்த்து மாற்ற வேண்டும். அதற்கு நேரமில்லாதவர் அந்த வரியையே எடுத்துவிடலாம். வரி இல்லாத கடையை யாரும் சந்தேகிப்பதில்லை.

இது வெறும் நாகரிகப் பேச்சுமல்ல. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆவது பிரிவு, வியாபாரத்தில் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. அந்தப் பிரிவு ஏனைய வியாபாரிகளைத் தவறாக வழிநடத்துவதையும் சேர்த்தே பேசுகிறது. நியாயமாக எண்ணி 1,180 போட்டவரின் ஓடரை, எண்ணாமல் 10,000 போட்டவர் தட்டிப் பறிக்கிறார். இழப்பு அந்த நேர்மையானவருக்குத்தான்.

இனி ஒரு பக்கத்தில் பெரிய இலக்கத்தைக் கண்டால் லைக் போட முன் கீழே ஒரு கேள்வி எழுதுவோம்: "இது எந்தத் திகதி வரைக்கும் எண்ணியது?" எண்ணியவர் பதில் சொல்வார்.