நம்ம மேட்சுக்கு யார் பெட் கட்டப்போறாங்க?

லீக் சீசன் தொடங்கும் முன் வீரர்களைக் கூட்டிவைத்து, “இந்தச் சங்கத்தில் இருக்கும்வரை யாரும் கிரிக்கெட் மீது பெட் கட்டக் கூடாது, அது எந்த நாட்டு மேட்ச் ஆனாலும் சரி” என்று ஒரு கேப்டன் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னை லீக்கில் நாலாவது, ஐந்தாவது டிவிஷனில் ஆடும் சங்கம் அது என்றால், பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஐபிஎல் ஆடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை வேலைநாளில் லீவு போட்டு ஆட வருகிறவர்களிடம் சொல்வானேன் என்பது அந்தச் சிரிப்பின் பொருள். இந்த விதி தேவையற்றது, மேட்டிமைத்தனமானது என்ற கருத்து பரவலாக இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் ஒவ்வொன்றும் முதல் பார்வைக்கு நியாயமாகவே தெரிகின்றன. ஆனால் ஒன்றுகூட உரசிப் பார்த்தால் நிற்காது என்பதே என் வாதம்.

சின்ன ஆட்டங்களுக்குப் பணம் வராது என்பது முதல் காரணம். 2020 ஜூன் 29 அன்று ‘ஊவா டி20’ என்ற பெயரில் ஓர் ஆட்டம் இணையத்தில் நேரலையாக ஓடியது. இலங்கையின் பதுளையில் நடப்பதாக அறிவித்திருந்தார்கள். ஆடியதென்னவோ பஞ்சாபில், மொகாலிப் பக்கம் சவாரா என்ற கிராமத்து மைதானத்தில். அப்படி ஒரு தொடரே கிடையாது என்று இலங்கை கிரிக்கெட் வாரியம் மறுத்தது, பஞ்சாப் போலீஸ் கைது நடவடிக்கையில் இறங்கியது. பெயர் தெரியாத ஆட்டக்காரர்கள், இல்லாத ஒரு தொடர், அதற்கும் பந்தயப் பணம்! சூதாட்டச் சந்தைக்கு நட்சத்திரங்கள் வேண்டியதில்லை. பந்துக்குப் பந்து மாறும் ஸ்கோரும் முடிந்தால் ஒரு கேமராவும் போதும். இன்று கீழ் டிவிஷன் ஆட்டங்களுக்கே செயலியில் ஸ்கோர் ஏற்றுகிறோம், சில சங்கங்கள் நேரலையும் விடுகின்றன. சவாராவில் எல்லாவற்றையும் ஜோடித்தாக வேண்டியிருந்தது. இங்கே உண்மையான ஆட்டமே தயாராக இருக்கிறது.

அப்படியே வந்தாலும் பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தை ஒருவன் எப்படித் தோற்கடிப்பான் என்று அடுத்துக் கேட்பார்கள். தோற்கடிக்கவே வேண்டாம் என்பதற்கு எசெக்ஸ் கவுண்டியின் மெர்வின் வெஸ்ட்ஃபீல்டு வழக்கைப் பார்க்கலாம். 2009 செப்டம்பரில் டர்ஹமுக்கு எதிரான 40 ஓவர் ஆட்டத்தில் தன் முதல் ஓவரில் 12 ரன் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. அதற்கு விலை 6,000 பவுண்டு. அவர் கொடுத்தது 10 ரன்தான், ஆனாலும் பணம் வந்து சேர்ந்தது. ஆட்டத்தில் ஜெயித்ததோ எசெக்ஸ்! ஸ்கோர்புத்தகத்தை மட்டும் புரட்டினால் ஓர் இளம் பந்துவீச்சாளர் கொஞ்சம் தடுமாறி ஆரம்பித்தார் என்றுதான் தோன்றும். 2012 பிப்ரவரியில் லண்டன் நீதிமன்றம் அவருக்கு நாலு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. பந்தயம் ஒரு ஓவர் மீது, ஒரு நோ-பால் மீது என்று சுருங்கிவிட்ட பிறகு, அணியில் யாராவது ஒருவர் வசப்பட்டால் போதும்.

இங்கேதான் கெட்டிக்காரத்தனமான எதிர்வாதம் ஒன்று வரும். “நான் என் அணி ஜெயிக்கும் என்றுதானே கட்டுகிறேன், அதனால் இன்னும் உயிரைக் கொடுத்து ஆடுவேன்” என்பார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் சொல்பவர் பெரும்பாலும் உண்மையாகவே சொல்கிறார். ஆனால் கிரிக்கெட்டில் ஒரு முடிவு நேர்மையானதா என்பதை அது வெற்றியை நோக்கியதா என்பதை வைத்து மட்டும் அளக்க முடியாது. 2000 ஜனவரியில் செஞ்சூரியனில் தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்டில் மூன்று நாள்களை மழை தின்றுவிட்டது. தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்சி குரோன்யே, ஆளுக்கு ஒரு இன்னிங்ஸை விட்டுக்கொடுத்து ஆட்டத்துக்கு உயிர் கொடுக்கலாம் என்று முன்வந்தார். விதிக்கு உட்பட்ட, பார்வையாளர்களுக்கு விருந்தான முடிவு. 249 என்ற இலக்கை இங்கிலாந்து 2 விக்கெட் மிச்சமிருக்க எட்டிப்பிடித்தது. டிரா ஆகாமல் ஒரு முடிவு வர வேண்டும் என்று விரும்பிய புக்கி ஒருவரிடமிருந்து 53,000 ரேண்டும் ஒரு தோல் ஜாக்கெட்டும் குரோன்யே பெற்றிருந்தார் என்பது சில மாதங்கள் கழித்து கிங் விசாரணை ஆணையத்தின் முன் வெளிவந்தது. முடிவு அதே முடிவுதான். யாருக்காக எடுக்கப்பட்டது என்பது மாறியபோது அந்த டெஸ்டின் நிறமே மாறிவிட்டது. தன் அணியின் வெற்றி மீது பணம் கட்டிய கேப்டன், தொடைத் தசை பிடித்த வேகப்பந்து வீச்சாளரிடம் இன்னும் மூன்று ஓவர் கேட்பார். புதுப் பையனுக்குத் தர வேண்டிய ஓவரைத் தராமல் விடுவார். தவிர, ஒன்பது ஆட்டங்களில் தன் அணி மீது கட்டியவர் பத்தாவதில் கட்டாமல் இருந்தால் புக்கிக்கு அதுவே தகவல். அவர் வாயே திறக்க வேண்டியதில்லை.

சரி, நான் ஆடாத ஆட்டத்தில் கட்டினால்? கேப்டனின் பேச்சில் அதிகமாக முணுமுணுப்பைக் கிளப்பும் இடம் இதுதான். இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் பிரைடன் கார்ஸ் 2017 முதல் 2019 வரை கிரிக்கெட் ஆட்டங்கள் மீது 303 முறை பந்தயம் கட்டியிருந்தார். அவற்றில் ஒன்றுகூட அவர் ஆடிய ஆட்டம் இல்லை. ஆட்டத்தை விற்றதாகக் குற்றச்சாட்டும் இல்லை. ஆனாலும் 2024 மே மாதம் 16 மாதத் தடை வந்தது, அதில் 13 மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. கடுமை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, நம் ஊர் நிலைமையை நினைத்தால் இன்னும் தோன்றவில்லை. அங்கே உரிமம் பெற்ற நிறுவனத்தில் தன் பெயரில் கணக்கு வைத்துக் கட்டலாம். இங்கே கள்ளப் பந்தயத்தில் பெரும்பாலும் கடனுக்குத்தான் ஆட்டம், தோற்கத் தோற்கப் பாக்கி ஏறும். கடன்காரன் ஒரு லீக் பந்துவீச்சாளன் என்று தெரிந்தால், பாக்கியைப் பணமாகக் கேட்க வேண்டிய அவசியம் புக்கிக்கு இல்லை.

சட்டமே தடுக்கும்போது சங்கத்துக்கு என்ன வேலை என்பது கடைசியாக வரும். காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்கிறது, உண்மைதான். ஆனால் கர்நாடக பிரீமியர் லீக் சூதாட்ட விவகாரத்தில் நடந்ததைப் பாருங்கள். போலீஸ் பதிவு செய்த மோசடி வழக்கை 2022 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆட்டத்தை விலைபேசுவது நேர்மையின்மையாக இருக்கலாம், ஆனால் 420-ஆவது பிரிவின்படி அது மோசடிக் குற்றம் ஆகாது, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு என்றது. சட்டத்தின் கை எட்டாத இடத்தை விளையாட்டு அமைப்பின் விதிதான் மூட வேண்டும் என்பதை நீதிமன்றமே காட்டிவிட்டது.

அப்படியானால் தெருக் கிரிக்கெட்டின் பெட் மேட்ச்சும் குற்றமா என்று மடக்குவார்கள். இரண்டு அணியும் பொதுவில் பணம் போட்டு, ஜெயித்தவர் எடுத்துக்கொள்வதில் தோற்றால் லாபம் யாருக்கும் இல்லை. தனி ஓவருக்கு விலையும் இல்லை. அதையும் கேப்டன் தடுக்க நினைத்தால் அது அவர் விருப்பம். இந்த விதியோடு அதைச் சேர்த்துக் குழப்ப வேண்டாம் என்பேன்.

பேச்சில் எனக்கு உள்ள குறை வேறு. யார் போனையும் கேப்டன் பிடுங்கிப் பார்க்க முடியாது, ஆகவே கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கும் அவரிடம் பதில் இருக்க வேண்டும். வெஸ்ட்ஃபீல்டு தன் பணத்தைச் சக வீரர் டோனி பல்லடினோவிடம் பையோடு காட்டினார். வழக்கில் பல்லடினோவின் சாட்சியம் முக்கியமாக இருந்தது. எசெக்ஸில் விஷயத்தை அறிந்திருந்தவர் உடை மாற்றும் அறையில் பக்கத்தில் இருந்தவர். “பெட் கட்டாதே” என்பதோடு பேச்சை நிறுத்திவிடாமல், அப்படி ஒரு பையைப் பார்க்கிறவர் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், சொன்னவர் பெயரை எத்தனை பேர் அறிவார்கள் என்பதையும் அன்றைக்கே அவர் சொல்லியாக வேண்டும். கேப்டன் மீதே சந்தேகம் வந்தால் போகவேண்டிய இடத்தையும் சேர்த்து.