காசு கட்டினவருக்கும் ஏன் கதவு பூட்டு?

"உங்கள் பிராந்தியத்தில் கிடைக்காது" எண்டு திரையில வந்தால் இணையக் கோளாறு எண்டு நினைக்கிறம். கோளாறே இல்லை. படங்களின் உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். எங்கள் ஐபி முகவரியை வைத்து நாட்டைக் கண்டுபிடித்து, அந்த நாட்டுக்கு உரிமை வாங்காத தளம் கதவைச் சாத்துகிறது. சரி, வியாபாரம். ஆனால் மாதாமாதம் சந்தா கட்டுறவர் பத்து நாள் பயணம் போனால் அவரையும் ஏன் வெளியில நிறுத்த வேணும்?

வேற வழியில்லை எண்டு சொல்லுறதை நாங்கள் நம்பேல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஏப்ரல் 1 முதல் இதைச் சட்டமாக்கிவிட்டது. ஜெர்மனியில் சந்தா கட்டும் அண்ணன் பாரிசுக்கு விடுமுறையில் போனால், மேலதிகக் காசில்லாமல் ஜெர்மன் பட்டியலையே பார்க்கலாம். லண்டன் போனால் அந்த உரிமை இல்லை. 2021இலிருந்து பிரித்தானியா அதற்கு வெளியே. இலவசத் தளங்களுக்கும் அது கட்டாயமில்லை.

கொழும்பில விமானம் ஏறுற எங்களுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. மிஞ்சுறது, வெளிக்கிட முதல் செயலியில தரவிறக்கி வைக்கிறதுதான். அதிலயும் சில படங்கள் போன நாட்டில திறக்காது. விபிஎன் போடு எண்டு லேசாச் சொல்லுவினம். பல தளங்களில அது விதிமீறல், கணக்கை மூடினால் வாதாட ஏலாது. சந்தா கட்ட முதல், பயணத்தில என்ன கிடைக்கும் எண்டு எழுத்தில கேளுங்கோ.