டிரைவிங் ஸ்கூலுக்கு கார் வாங்கப் போறீங்களா? முதல்ல கிளட்ச்சை மிதிச்சுப் பாருங்க!

வீட்டுக்கு கார் வாங்குகிறவர்கள் மைலேஜ் எவ்வளவு, ஏ.சி. எப்படி, பின் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாமா என்றெல்லாம் விசாரிப்பார்கள். டிரைவிங் ஸ்கூல் தொடங்கக் கடன் வாங்கி கார் எடுக்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. ஓட்டவே தெரியாதவர்களின் கால்களை இந்த காரின் கிளட்ச் எத்தனை மாதம் தாங்கும்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் இது புரியும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன்படி, சொந்த உபயோக கார் ஓட்டக் கற்பவருக்குப் பயிற்சிக் காலம் 21 நாள்களுக்குக் குறையக் கூடாது. அதில் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டும் நேரம் குறைந்தது 10 மணி நேரம் இருக்க வேண்டும். அரை மணி நேர வகுப்பு என்றால் ஒருவருக்கு 20 வகுப்புகள். ஒரு காரில் தினமும் எட்டு பேர் கற்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒரு வகுப்பில் 30 முறை வண்டியை நிறுத்திக் கிளப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 240 முறை. மாதம் 25 நாள் ஓடினால் 6,000 முறை. ஆபீஸ் போய் வரும் ஒரு வீட்டு கார் தினமும் 40 முறை நின்று கிளம்பினால்கூட மாதத்துக்கு 1,000-தான் ஆகிறது. ஆக, ஸ்கூல் காரின் கிளட்ச்சுக்கு ஆறு மடங்கு வேலை. அதுவும் பாதி மிதித்தும் பாதி விட்டும் தேய்க்கும் கால்களிடம்!

லேசான கிளட்ச் வேறு, சுலபமான கிளட்ச் வேறு

பெடல் லேசாக இருந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. 18 வயது இளைஞரும் வருவார், முழங்கால் வலியோடு 55 வயது அம்மாவும் வருவார். அரை மணி நேரம் மிதித்த பிறகும் கால் நடுங்காத அளவுக்கு பெடல் லேசாக இருக்கத்தான் வேண்டும். ஷோரூமில் ஒருமுறை மிதித்துப் பார்த்தால் இது தெரியாது. தொடர்ந்து 20, 30 முறை மிதித்துப் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியம், கிளட்ச் 'பிடிக்கும்' இடம். பெடலை விட்டுக்கொண்டே வரும்போது ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் லேசாக மாறி, வண்டி முன்னால் இழுக்கத் தொடங்கும். அந்த இடம் பெடலின் பாதையில் சட்டென வந்து போனால், கற்பவரின் கால் அதைத் தவறவிடும். வண்டி குதிக்கும், இன்ஜின் நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தால் காலுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

இதைச் சோதிப்பது எளிது. சமதளமான காலி இடத்தில் மூன்று பேர் காரில் உட்கார்ந்து, ஏ.சி.யையும் போட்டுவிட்டு, முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் மெதுவாக விட வேண்டும். கார் நிற்காமல் ஊர்ந்து கிளம்பினால் அது கற்பவர்களுக்கு ஏற்ற கார். மூன்று பேர் எதற்கு? பயிற்றுநர், மாணவர், பின் சீட்டில் அடுத்த மாணவர் என்று தினமும் அப்படித்தானே போகப்போகிறது!

பழைய கார் என்றால் இன்னொரு சோதனையும் தேவை. எதிரில் யாரும் இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு, மூன்றாவது கியரில் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக்கொண்டே கிளட்ச்சை விட வேண்டும். இன்ஜின் திணறி நின்றுவிட்டால் கிளட்ச் பிளேட்டுக்கு இன்னும் பிடிப்பு இருக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. அந்தச் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

'டீசல் கார் நிற்காது' என்பது உண்மைதான், ஆனால்...

டீசல் இன்ஜினுக்குக் குறைந்த வேகத்திலேயே இழுவை அதிகம். அதனால் புதியவர் கிளட்ச்சை அவசரமாக விட்டாலும் எளிதில் நின்றுவிடாது. ஆனால், 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 விதி வந்த பிறகு விற்கப்பட்ட டீசல் கார்களில் பெரும்பாலும் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து வெளியேற, கார் அவ்வப்போது நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். நாள் முழுக்க 20 கிலோமீட்டர் வேகத்தில் தெருக்களைச் சுற்றும் ஸ்கூல் காருக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. ஃபில்டர் அடைத்துக்கொண்டு, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும்.

கிளட்ச் செலவும் கூடுதல். பல டீசல் கார்களில் அதிர்வைக் குறைப்பதற்காக இரண்டு பாகங்கள் கொண்ட ஃப்ளைவீல் வைக்கிறார்கள். ஹாஃப் கிளட்ச் சூட்டில் அதுவும் கெட்டுப்போனால், பிளேட்டோடு சேர்த்து அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஒருவர் முன்னால் இரண்டு கார்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 1.0 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். இன்னொன்று 2021 மாடல் டீசல் ஹேட்ச்பேக். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம். கற்பவர்கள் ஓட்டும்போது பெட்ரோல் கார் லிட்டருக்கு 12, டீசல் கார் 15 கிலோமீட்டர் தருகிறது. பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்றால் மாதச் செலவு முறையே சுமார் 8,330, 6,130 ரூபாய். வருடத்துக்கு டீசலில் மிச்சம் சுமார் 26,400 ரூபாய்.

இப்போது கிளட்ச் கணக்கு. வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும், பெட்ரோல் காருக்கு கூலியோடு 8,000, டீசலுக்கு ஃப்ளைவீலும் சேர்த்து 30,000 என்று எடுத்துக்கொண்டால் வித்தியாசம் 22,000. மிச்சமானதில் கையில் நிற்பது 4,400 ரூபாய்தான். ஒருமுறை ஃபில்டர் அடைத்து கார் நான்கு நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் அதுவும் போய்விடும். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். தங்கள் ஊர் மெக்கானிக் சொல்லும் தொகையைப் போட்டு இதே கணக்கை எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

செலவு குறைய வேண்டும் என்பவர்கள் சி.என்.ஜி. காரை யோசிக்கலாம். அதே இன்ஜின் சி.என்.ஜி.யில் ஓடும்போது இழுவை கொஞ்சம் குறையும், புதியவர்களிடம் அடிக்கடி நிற்கும். ஆனால், இந்த கார்களில் பெட்ரோலுக்கு மாற்ற ஒரு ஸ்விட்ச் இருக்கும். முதல் சில வகுப்புகளையும் மேம்பால ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பும் பயிற்சியையும் பெட்ரோலில் நடத்திவிட்டு, மற்ற நேரத்தில் சி.என்.ஜி.யில் ஓட்டலாம்.

பயிற்றுநர் பெடல்: உயிர் காக்கும் கம்பி

மோட்டார் சைக்கிள் தவிர, டிரைவிங் ஸ்கூலின் எல்லா வண்டிகளிலும் பயிற்றுநர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ வசதியாக டூயல் கன்ட்ரோல் இருக்க வேண்டும் என்கிறது அதே 1989 விதி. நடைமுறையில் இது இடது பக்க சீட்டுக்கு முன்னால் ஒரு கிளட்ச் பெடல், ஒரு பிரேக் பெடல். டேஷ்போர்டுக்கு அடியில் குறுக்கே போகும் கம்பியோ, கேபிளோ இவற்றை மாணவரின் பெடல்களோடு இணைக்கும். எனவே கார் வாங்கும்போதே இடது பக்கம் கால் வைக்கும் இடம் தாராளமாக இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பொருத்திய பிறகு மூன்று சோதனைகள் செய்ய வேண்டும். முதலாவது, காலி மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பயிற்றுநர் மட்டும் பிரேக் பிடிக்க வேண்டும். அவருடைய பெடல் தரையைத் தொடுவதற்கு முன்பே கார் அழுத்தமாக நிற்க வேண்டும். பெடல் தரையிலோ மேட்டிலோ முட்டிய பிறகும் கார் உருண்டால், இணைப்பு நீளம் தவறு. அவசரத்துக்கு அந்த பிரேக் உதவாது.

இரண்டாவது, பயிற்றுநர் மட்டும் கிளட்ச்சை முழுக்க மிதித்து, சில விநாடிகள் கழித்து ரிவர்ஸ் கியர் போட்டுப் பார்க்க வேண்டும். 'கரகர' சத்தம் வந்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. மூன்றாவது, காலை எடுத்ததும் பெடல்கள் தாமாக முழுக்க மேலே வர வேண்டும். பிரேக்கை விட்ட பின்னும் பின்பக்க பிரேக் லைட் எரிந்துகொண்டே இருந்தால் பெடல் எங்கோ மாட்டுகிறது என்று அர்த்தம்.

கிளட்ச்சைத் தின்னும் திருடன்

மூன்று சோதனையிலும் தேறிய காரில்கூட சில மாதங்களில் கிளட்ச் போய்விடுவது உண்டு. பழி மாணவர்கள் மேல் விழும். பல நேரம் குற்றவாளி டூயல் கன்ட்ரோல்தான்.

சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது கேபிள் கிளட்ச். இதில் பெடலை விரலால் அழுத்தினால் முதல் சில மில்லிமீட்டருக்கு எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். இதை 'ஃப்ரீ பிளே' என்பார்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். கேபிள் முனையில் இருக்கும் நட்டைத் திருகி அதை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

பயிற்றுநர் பெடலின் கேபிளை இறுக்கமாகக் கட்டிவிட்டால், அது மாணவரின் பெடலை எப்போதும் சற்றே இழுத்துப் பிடித்திருக்கும். இடைவெளி காணாமல் போகும். யாரும் மிதிக்காதபோதும் கிளட்ச் லேசாக மிதிபட்டே இருக்கும். பிளேட் வழுக்கி, சூடாகி, தேயும். பயிற்றுநர் பழக்க தோஷத்தில் பெடல் மேல் காலை வைத்தபடி உட்கார்ந்தாலும் இதே விளைவுதான்.

கண்டுபிடிக்க ஒரு ஸ்கேல் போதும். மாணவர் பெடலின் ஃப்ரீ பிளேயை அளந்து குறித்துக்கொண்டு, பயிற்றுநர் இணைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். கழற்றியதும் இடைவெளி கூடினால், திருடன் பிடிபட்டான். மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதிவைக்கும் ஸ்கூலில் கிளட்ச் திடீரென நடுரோட்டில் கைவிடுவது அபூர்வம்.

அதனால்தான் டூயல் கன்ட்ரோல் பொருத்துகிறவரிடம், மாட்டும் கூலியோடு முதல் மூன்று மாத அட்ஜஸ்ட்மென்ட்டுக்கும் சேர்த்தே பேசிவிடுவது நல்லது. கேபிள் புதிதில்தான் கொஞ்சம் நீளும்.

கார் ஓட்டக் கற்கப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. முதல் வகுப்பில், வண்டி கிளம்பும் முன், பயிற்றுநரிடம் அவருடைய பிரேக்கை ஒருமுறை மிதிக்கச் சொல்லிவிட்டு உங்கள் பக்கத்து பெடலைப் பாருங்கள். அது உடனே கூடவே இறங்க வேண்டும். தாமதமாகவோ பாதி மட்டுமோ இறங்கினால், அதைச் சரிசெய்த பிறகு வகுப்பைத் தொடங்கலாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.