கரண்ட் ஏன் தோலோரமாக ஓடுகிறது? எழுதி மார்க் வாங்கும் ஒரு தவறான பதில்

"ஸ்கின் எஃபெக்ட் என்றால் என்ன? காரணம் கூறுக." எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் யாரிடம் கேட்டாலும் முதல் பாதிக்குப் பதில் டக்கென்று வந்துவிடும். உயர் அதிர்வெண் கொண்ட ஏசி மின்னோட்டம் கம்பியின் நடுப்பகுதியை விட்டுவிட்டு மேற்பரப்பை ஒட்டியே ஓடும், அதுதான் ஸ்கின் எஃபெக்ட். மிகச் சரி. சிக்கல் இரண்டாவது பாதியில்தான். "எலக்ட்ரான்கள் எல்லாம் எதிர் மின்சுமை கொண்டவை. ஒன்றையொன்று விலக்கும். அதனால் கூடுமானவரை தள்ளித் தள்ளி மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன." இப்படி எழுதுபவர்கள் ஏராளம். இதற்கு முழு மார்க் போடுபவர்களும் உண்டு.

இது பாதி உண்மைகூட இல்லை, முழுத் தவறு. சின்னத் தவறுதானே என்று விட்டுவிடவும் முடியாது. இதை நம்பிக்கொண்டு ஒரு டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றினால் அது சூடாகிப் போகும். எப்படி என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் அந்தப் பதிலையே சோதித்துப் பார்ப்போம். விலக்குவிசைதான் காரணம் என்றால் பேட்டரியில் இருந்து வரும் டிசி கரண்டும் மேற்பரப்பில்தான் ஓட வேண்டும். டிசியில் இருப்பதும் அதே எலக்ட்ரான்கள்தானே? ஆனால் டிசி கம்பியின் குறுக்குவெட்டு முழுவதும் சமமாகப் பரவி ஓடுகிறது. இன்னொன்று, கரண்ட் ஓடும் கம்பியின் உட்புறம் மொத்தத்தில் மின்சுமை அற்றது. எத்தனை எலக்ட்ரான்கள் நகர்கின்றனவோ அதற்கு ஈடான நேர்மின் அயனிகள் அங்கேயே நிற்கின்றன. நகரும் எலக்ட்ரான்களை வெளியே தள்ள அங்கே ஆளில்லை.

மூன்றாவது சோதனைதான் பெரிய சோதனை. செம்பைவிட இரும்பு மோசமான கடத்தி. ஆனால் ஒரே அதிர்வெண்ணில் செம்பைவிட இரும்பில்தான் கரண்ட் ஓடும் 'தோல்' மெல்லியது. காரணம், இரும்பு காந்தத்தன்மை உடையது. விலக்குவிசைக்கும் காந்தத்தன்மைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆக, குற்றவாளி வேறு ஆள். அது காந்தப்புலம்.

ஒரு தடித்த செம்புக் கம்பியை, மெல்லிய நூல் போன்ற பல இழைகளின் கட்டாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நட்டநடுவில் ஒரு இழை, விளிம்பில் ஒரு இழை. கம்பியில் கரண்ட் ஓடும்போது காந்தப்புலம் வளையம் வளையமாக உருவாகிறது. கம்பிக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும்தான். கம்பிக்கு வெளியே உள்ள வளையங்கள் இரண்டு இழைகளையும் சுற்றி நிற்கின்றன. கம்பிக்கு உள்ளே உள்ள வளையங்களோ நடு இழையை மட்டும்தான் சுற்றுகின்றன, விளிம்பு இழை அவற்றுக்கு வெளியே நிற்கிறது. ஆக நடு இழையைச் சூழ்ந்திருக்கும் காந்தப்பாயம் அதிகம். அதாவது அதன் இண்டக்டன்ஸ் அதிகம்.

கரண்ட் மாறாதவரை இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. டிசி சமமாகப் பரவுவது அதனால்தான். கரண்ட் மாற ஆரம்பித்தால் கதை மாறுகிறது. மாறும் காந்தப்பாயம் எதிர் மின்னழுத்தத்தைத் தூண்டும், அது நடு இழையில்தான் அதிகம். இழைகள் எல்லாம் பக்க இணைப்பில் இருப்பதால் கரண்ட் தடை குறைவான பாதையை, அதாவது விளிம்பைத் தேர்ந்தெடுக்கிறது. அதிர்வெண் ஏற ஏற நடுவில் எதிர்ப்பும் ஏறுகிறது. ஒரு கோள வடிவக் கடத்தியில் இது நடப்பதை ஹோரேஸ் லாம்ப் 1883-ல் கணக்கிட்டுக் காட்டினார். எந்த வடிவக் கடத்திக்கும் பொருந்தும் என்று 1885-ல் ஆலிவர் ஹெவிசைடு விரிவாக்கினார்.

இதையே இன்னொரு கோணத்தில் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கரண்ட் மேற்பரப்புக்குத் 'தள்ளப்படுவதே' இல்லை. அது மேற்பரப்பில் ஆரம்பித்து உள்ளே போகப் பார்க்கிறது, போய்ச் சேர நேரம் போதவில்லை. அவ்வளவுதான்! கம்பியை இயக்கும் மின்காந்தப் புலம் வெளியில் இருந்துதான் கம்பிக்குள் நுழைகிறது. செம்புக்குள் அது மெதுவாக ஊறித்தான் இறங்கும், காய்ந்த மண்ணில் தண்ணீர் இறங்குவது மாதிரி. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பியில் திடீரென்று டிசியைக் கொடுத்தாலும் முதல் கணத்தில் கரண்ட் விளிம்பில்தான் இருக்கும். நடு வரை ஊறுவதற்குச் சுமார் 13 மைக்ரோசெகண்ட் என்ற அளவில் நேரம் பிடிக்கும்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். திசை மாறுவதற்குள் 10 மில்லிசெகண்ட் கிடைக்கிறது, நிதானமாக நடு வரை போய்வரலாம். 100 கிலோஹெர்ட்ஸில் 5 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை திசை மாறுகிறது. பாதி வழி போவதற்குள் "திரும்பு" என்று உத்தரவு வந்துவிடுகிறது!

இதே கணக்கு கிணற்றடியிலும் உண்டு. பகலில் வெயில் கொளுத்தும், இரவில் தரை ஆறும். இந்த ஏற்ற இறக்கம் அரை மீட்டர் ஆழத்தில் தெரிவதே இல்லை. கோடைக்கும் மார்கழிக்குமான மாற்றம் மெதுவாக நடப்பதால் சில மீட்டர் வரை இறங்குகிறது. அதற்கும் கீழே, ஆழ்கிணற்றுத் தண்ணீர் வருடம் முழுக்க ஒரே குளுமை. மண்ணுக்குள் வெப்பம் இறங்கும் சமன்பாடும் செம்புக்குள் கரண்ட் இறங்கும் சமன்பாடும் ஒரே அச்சு. வேகமாக மாறுவது ஆழமாக இறங்காது.

எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதற்குத்தான் அந்தப் புகழ்பெற்ற சூத்திரம்:

δ = √(ρ / (π f μ))

ρ மின்தடை எண், f அதிர்வெண், μ காந்த உட்புகுதிறன். இந்த δ ஆழத்தில் கரண்ட் அடர்த்தி மேற்பரப்பில் இருப்பதில் 37 சதவீதமாகக் குறைகிறது. செம்புக்கு 50 ஹெர்ட்ஸில் இது 9.3 மி.மீ., 100 கிலோஹெர்ட்ஸில் 0.21 மி.மீ. 'தோல்' என்ற பெயரைக் கேட்டு, அங்கே ஒரு கோடு இருக்கிறது, அதற்குக் கீழே கரண்டே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. படிப்படியாகத்தான் குறையும்.

இனி அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவோம். 100 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஒரு பவர் சப்ளைக்கு ஒரு மாணவர் 2 மி.மீ. கம்பியில் சுற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு டிசி தடை 5.5 மில்லிஓம். 10 ஆம்பியருக்கு வெறும் அரை வாட்தான் வெப்பம் என்று கணக்குப் போடுகிறார். ஆனால் கரண்ட் ஓடுவது 0.21 மி.மீ. தடிமனுள்ள ஒரு குழாயில் மட்டும். அதன் பரப்பு 1.18 சதுர மி.மீ., முழுக் கம்பியின் பரப்பு 3.14. தடை 14.6 மில்லிஓம் ஆகிறது, வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றரை வாட். அடுக்கடுக்காகச் சுற்றினால் பக்கத்துச் சுற்றுகளின் காந்தப்புலமும் சேர்ந்துகொண்டு நிலைமையை இன்னும் மோசமாக்கும். மில்லிஓம் மீட்டரை வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும், ஏனென்றால் அது அளப்பது டிசி தடையை. வேலை செய்யும் அதிர்வெண்ணிலேயே எல்சிஆர் மீட்டரில் அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

சரி, கம்பியை இன்னும் தடிமனாக்கினால்? 4 மி.மீ. போட்டால் செம்பு நாலு மடங்கு செலவாகும், தடை ஏறக்குறைய பாதிதான் குறையும். நடுவில் இருக்கும் செம்பு சும்மா உட்கார்ந்திருக்கும்.

இங்கேதான் 'விலக்குவிசை' கட்சி சறுக்கி விழுகிறது. "கரண்டுக்கு மேற்பரப்பு பிடிக்கும். அப்படியானால் பல மெல்லிய இழைகள் போட்டால் மேற்பரப்பு கூடும்" என்று வீட்டு வயரிங்கில் வரும் சாதாரணப் பல இழைக் கம்பியைப் போடுவார்கள். பலன் பெரிதாக இருக்காது. இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் கரண்ட் இழைக்கு இழை தாவி மொத்தக் கட்டின் வெளி விளிம்புக்குப் போய்விடும். அது இன்னமும் ஒரே தடித்த கம்பிதான். ஒவ்வொரு இழைக்கும் எனாமல் பூசினால் போதுமா? அதுவும் போதாது. நடுவில் இருக்கும் இழை கடைசி வரை நடுவிலேயே இருந்தால் அதன் இண்டக்டன்ஸ் அதிகமாகவே இருக்கும், கரண்ட் அதைத் தவிர்க்கும்.

உண்மையான காரணம் தெரிந்தவருக்குத் தீர்வு தானாகவே வந்துவிடும். எல்லா இழைகளுக்கும் இண்டக்டன்ஸ் சமமாக இருக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு இழையும் கொஞ்ச தூரம் நடுவிலும் கொஞ்ச தூரம் விளிம்பிலும் முறைவைத்து மாறிமாறிப் போகும்படி பின்ன வேண்டும். எனாமல் பூசிய மெல்லிய இழைகளை இப்படிப் பின்னியதுதான் லிட்ஸ் கம்பி. 0.2 மி.மீ. இழைகள் 100 சேர்த்தால் நம் 2 மி.மீ. கம்பியின் அதே பரப்பு வந்துவிடும். இதற்கும் எல்லை உண்டு. மெகாஹெர்ட்ஸ் அளவுக்குப் போனால் இழைகளை எவ்வளவு மெல்லியதாக்கினாலும் கட்டுப்படியாகாது, பலனும் தேய்ந்துவிடும்.

லிட்ஸ் கம்பியைப் பார்க்க ஆய்வகம் போக வேண்டாம். சமையலறை இண்டக்ஷன் அடுப்பின் கண்ணாடிக்குக் கீழே வட்டமாகச் சுற்றியிருப்பது அந்த வகைதான். அந்த அடுப்பில் ஒரு வேடிக்கை, கீழே சுருளில் ஸ்கின் எஃபெக்ட் எதிரி, மேலே பாத்திரத்தில் அதுவே நண்பன். 25 கிலோஹெர்ட்ஸில் இரும்புப் பாத்திரத்தின் 'தோல்' 0.1 மி.மீ.-க்கும் குறைவு. அந்த மெல்லிய அடுக்கில் கரண்ட் நெருக்கியடித்து ஓடுவதால்தான் தோசைக்கல் சூடாகிறது. அலுமினியத்தில் தோல் அரை மி.மீ. வரை தடிமன், தடை எண்ணும் குறைவு. கரண்ட் தாராளமாக ஓடிவிடும், சூடு பிறக்காது. சாதாரண இண்டக்ஷன் அடுப்பு அலுமினியச் சட்டியை ஏற்க மறுப்பது இதனால்தான்.

எலக்ட்ரான்கள் விலக்குவதாகச் சொல்லும் பதிலால் இரும்புச் சட்டிக்கும் அலுமினியச் சட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல முடியாது. இழைகளை ஏன் பின்ன வேண்டும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே கேள்வித்தாளைத் தயாரிப்பவர்கள் "காரணம் கூறுக" என்பதோடு நிற்காமல் "டிசியில் இது ஏன் நடப்பதில்லை?" என்று ஒரே ஒரு வரி சேர்த்துக் கேட்கட்டும். யார் புரிந்து எழுதினார்கள், யார் ஒப்பித்தார்கள் என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.